ஒழுங்கு விசாரணைக்கு அழைப்பு

சாட்ஸ்வர்த், டர்பன்
6 மார்ச் 2025, வியாழன்

தம்பி சிவா,

நீங்கள் கேட்டபடி தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியும் கூட இருக்கிறது, இரண்டிலும் விஷயம் ஒன்றுதான். உங்கள் மேல் வந்திருக்கும் மூன்று புகார்களை விசாரிக்க, வருகிற 13 மார்ச் 2025, வியாழக்கிழமை காலை 10 மணிக்குக் கடை மாடியில் உள்ள ஆபீஸ் அறைக்கு வர வேண்டும்.

முதல் புகார்தான் பெரியது. பிப்ரவரி 15, சனிக்கிழமை மதியம், ஒரு வாடிக்கையாளரின் பக்கி வண்டியில் 10 கிலோ அரிசி மூட்டை 30 ஏற்றியதாக கேட் புத்தகத்தில் உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது, ஆனால் அதே வண்டிக்குப் போட்ட பில்லில் 24தான். மிச்சம் 6 மூட்டைக்குப் பணமும் வரவில்லை, சீட்டும் இல்லை. எண்ணும்போது நேர்ந்த பிழையா, தெரிந்தே விட்டதா என்பதை நான் இப்போதே முடிவு செய்யவில்லை, விசாரணையே அதற்குத்தான்.

இரண்டாவது, பிப்ரவரி 24, 25 இரண்டு நாளும் சொல்லாமல் வராமல் இருந்தது. காவடிக்காக 11ஆம் தேதி எடுத்த லீவை இதில் சேர்க்கவில்லை, அதற்கு நானே கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது, 28ஆம் தேதி மூட்டைக் கணக்கைக் கேட்ட சூப்பர்வைசரை வாடிக்கையாளர்கள் முன்னால் கெட்ட வார்த்தையில் திட்டியது.

பில், கேட் புத்தகப் பக்கம், வருகைப் பதிவு, சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்தது எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். கேமரா பதிவை எந்த நாளும் மாலை 4 மணிக்கு மேல் வந்து பார்க்கலாம்.

துணைக்கு ஒருவரை அழைத்து வர உங்களுக்கு உரிமை உண்டு. நம் கடையில் வேலை செய்யும் யாராவது, இல்லையென்றால் உங்கள் யூனியன் பிரதிநிதி. அண்ணனையோ வக்கீலையோ கூட்டி வந்தால் உள்ளே விட முடியாது, வாசலில் நின்று வாக்குவாதம் வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன். துணைக்கு வருபவருக்கு அந்த நேரத்துச் சம்பளம் பிடிக்கப்படாது. நீங்கள் சாட்சிகளைக் கூப்பிடலாம், எங்கள் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், தமிழுக்கோ ஸூலுவுக்கோ மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஏற்பாடு செய்கிறேன். யார் வருகிறார்கள் என்பதை 10ஆம் தேதி திங்கள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். தயாராக இன்னும் நாள் வேண்டுமென்றால் அதையும் அப்போதே, காரணத்தோடு எழுதிக் கொடுங்கள்.

விசாரணையை நடத்துவது நான் இல்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளை மேலாளர். அவருக்கு இந்த விஷயத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. புகார் உண்மை என்று அவர் கண்டால் எச்சரிக்கையோடு முடியலாம், வேலையை விட்டு நீக்குவது வரைக்கும் கூடப் போகலாம், அதை மறைக்க விரும்பவில்லை. நீக்கினால், அது நியாயமில்லை என்று நீங்கள் நினைத்தால் 30 நாளுக்குள் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் சி.சி.எம்.ஏ.வுக்குப் போகலாம். தகுந்த காரணம் இல்லாமல் வராமல் இருந்துவிட்டால் நீங்கள் இல்லாமலே விசாரணை நடக்கும்.

அதுவரை வழக்கம்போல் வேலைக்கு வாருங்கள், சம்பளம் முழுசாக வரும். ஸ்டோர் சாவியை மட்டும் இன்று என்னிடம் கொடுத்துவிட்டு முன் கவுண்டரில் இருங்கள். கடிதம் கிடைத்ததற்கு நகலில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். கையெழுத்துப் போட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

இப்படிக்கு,
கடை மேலாளர்