உத்தரவாதக் காலத்துக்குள் பழுதான இயர்பட்ஸை மாற்றித் தருதல்

பரந்தன்,
கிளிநொச்சி.
14.11.2025

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

ஓடர் இலக்கம் 78214

ஐயா/அம்மணி,

உங்கள் இணையக் கடையில் 8,750 ரூபாவுக்கு ஓடர் செய்த இயர்பட்ஸ் 07.06.2025 அன்று கூரியரில் வந்தது. காசை அப்போதே கொடுத்துவிட்டேன். பெட்டிக்குள் இருந்த அட்டையில் ஆறு மாத உத்தரவாதம் என்று உள்ளது. அதன்படி 07.12.2025 வரை காலம் இருக்கிறது.

ஒக்டோபர் நடுப்பகுதியில் இடது பக்க பட் நின்றுவிட்டது. கேஸில் வைத்தால் அதன் சிவப்பு லைட் ஒரு தரம் மின்னி அணைகிறது, சார்ஜ் ஏறுவதில்லை. சார்ஜ் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்தேன், வேறு வயரும் வேறு போனும் போட்டுப் பார்த்தேன், உங்கள் கையேட்டில் உள்ளபடி ரீசெட்டும் செய்தேன். கேஸில் பிழை இருக்குமோ என்று அண்ணாவின் அதே மொடல் கேஸிலும் வைத்துப் பார்த்தோம். அதிலும் ஏறவில்லை. அவருடைய இடது பட் என் கேஸில் ஒழுங்காக ஏறுகிறது. ஆகவே பழுது பட்டுக்குள்தான். இப்போது வலது பக்கமும் முழுச் சார்ஜில் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்குவதில்லை.

21.10.2025 அன்றே வாட்ஸ்அப்பில் வீடியோவுடன் அறிவித்தேன். "பார்த்துச் சொல்கிறோம்" என்றீர்கள். அப்புறம், தண்ணீர் பட்டிருக்கலாம் என்றும் கொழும்புக் கடைக்கு நேரில் கொண்டுவரும்படியும் பதில் வந்தது. இதை என்னால் ஏற்க முடியாது. வன்னியில் மாரி மழை இறுகுவதற்கு முன்பே இது நின்றுவிட்டது. வீட்டுக்குள் இருந்து இரவு ஒன்லைன் வகுப்புக் கேட்கத்தான் பாவித்தேன். விழவும் இல்லை, நனையவும் இல்லை. கேஸிலோ பட்டிலோ ஒரு கீறல் இல்லாததைப் படங்களில் பார்க்கலாம். பொருளை வீட்டு வாசலுக்கு அனுப்பி விற்ற கடை, பழுதானதும் எங்களை ஏ9 வீதியால் கொழும்புவரை வரச் சொல்வது நியாயமா? பஸ் காசும் ஒரு நாள் வேலையும் போய்விடும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உங்களிடம் வாங்கும் எல்லோருக்கும் இதே நிலைதான்.

எனவே அதே மொடலில், சீல் உடைக்காத புதிய செட் ஒன்றை கேஸுடன் அனுப்பித் தாருங்கள். பழையதை உங்கள் செலவில் கூரியர் மூலம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மொடல் கையிருப்பில் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். திருத்திய பழைய பொருள் எனக்கு வேண்டாம். நான் முதலில் அறிவித்த திகதியையே முறைப்பாட்டுத் திகதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பதில் தாமதமாகி டிசம்பர் 7 கடந்தால், உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று சொல்ல இடமிருக்கக் கூடாது.

28.11.2025க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அதற்குள் முடிவு கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு கொடுப்பேன். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, படங்கள், வீடியோ, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இதனுடன் இணைத்துள்ளேன். ஓடரில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தில் மாலை 5 மணிக்குப் பிறகு என்னுடன் பேசலாம்.

இப்படிக்கு,
தர்சினி