மாப்ள, ஞாயித்துக்கெழம கொல்லிமலை விஷயமா ஒண்ணு

டேய் குமாரு, ஃப்ரீயா இருக்கப்ப படிடா, குரூப்ல போட வேணாம்னு தான் தனியா அனுப்புறேன், கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல.

ஞாயித்துக்கெழம காலைல அஞ்சரைக்கு கொண்டலாம்பட்டி பைபாஸ்ல நிக்கணும்னு பேசியிருக்கோம்ல, அந்த டைமை இந்த தடவ கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கடா. போன தடவ ஏற்காடு போனப்ப என்னாச்சுன்னு உனக்கே தெரியும், கெளம்பவே ஒம்பது ஆயிடுச்சு, மேல போனா வண்டி நிறுத்த எடமில்ல, கூட்டத்துல நின்னு பஜ்ஜி தின்னுட்டு எறங்கி வந்தோம். படத்துக்கு போனாலும் இதே கத தான். போன் பண்ணா வந்துட்டே இருக்கேன்டாங்குற, பின்னாடி பக்கெட்ல தண்ணி விழற சத்தம் கேக்குது 😂 சிரிச்சுட்டு விட்டுருவோம், ஆனா இப்பல்லாம் பிளான் போடும்போதே பசங்க குமாரு வருவானா, எப்ப வருவான்னு இழுக்க ஆரம்பிச்சுட்டானுங்க, அது எனக்கு கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.

கொல்லிமலைல லேட்டானா சமாளிக்க முடியாது மாப்ள. காரவள்ளி தாண்டுனா 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கைக்கு எறங்குறதுக்கே ஆயிரம் படிக்கு மேல, ஏறி வரதுக்குள்ள முட்டி கழண்டுரும், பொழுது சாஞ்சா அருவிக்கு எறங்க விடமாட்டாங்க. பிரபு தான் வண்டி ஓட்டுறான், இருட்டுல அந்த வளைவுல எறங்குறது அவனுக்கு ஆகாது. சதீஷ் அவங்கப்பாவ கடைல உக்கார வெச்சுட்டு வரான், ராத்திரி எட்டுக்குள்ள திரும்பியாகணும். நீ ஒரு மணி நேரம் லேட்டானா அருவிய விட்டுட்டு தான் வரணும், அவ்ளோ தான் டைம் இருக்கு.

உனக்கு மட்டும் நாலரைன்னு பொய் சொல்லிரலாம்னு ஒருத்தன் ஐடியா குடுத்தான், நான் தான் வேணாம்டான்னேன், உன்ன ஏமாத்தி கூட்டிட்டு போறது எனக்கு புடிக்கல. வீட்ல எதாவது இருக்கா, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்க முடியலையா, எதுவா இருந்தாலும் சொல்லு. அஞ்சரை உனக்கு செட் ஆகாதுன்னா இப்பவே சொல்லிரு, ஆறே காலுக்கு மாத்தி அறப்பளீஸ்வரர் கோயில வரும்போது பாத்துக்கலாம்னு பசங்ககிட்ட நான் பேசுறேன், அதுக்கு மேல தள்ள முடியாது.

அப்புறம் இன்னொண்ணு, சொன்ன டைம் தாண்டி கால் மணி நேரம் பாத்துட்டு வண்டிய எடுத்துருவோம், இது உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் தான். விட்டுட்டா டென்ஷன் ஆகாத, பஸ் ஏறி ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட் வந்துரு, அங்க தான் டிபன் சாப்பிடுவோம், முடியறதுக்குள்ள வந்து சேந்துக்க. நீ இல்லாம போறதுக்கு யாருக்கும் இஷ்டமில்லடா, வண்டில பாட்டு சண்ட போட ஆள் வேணாமா.

இன்னிக்கு நைட்டுக்குள்ள அஞ்சரையா ஆறே காலான்னு மட்டும் சொல்லு, பிரபு டீசல் அடிக்க போறப்ப கேப்பான். அந்த பெரிய பிளாஸ்க் உங்க வீட்ல தான இருக்கு, அதையும் எடுத்துட்டு வா.