யாப்பு வகுப்புக் குறிப்பு: மார்ச் 8, ஞாயிறு இரவு 8 மணிக்குள் வேணும்

ரேவதி,

பூங்கொடி எழுதுறேன். நல்லா இருக்கியா?

முதல்ல கேக்க வந்ததைச் சொல்லிடுறேன். பிப்ரவரி 24-லிருந்து நாளைக்கு மார்ச் 6 வரைக்கும் நடக்கிற யாப்பு வகுப்போட குறிப்பு எனக்கு வேணும். உன் நோட்டை போட்டோ எடுத்து, வர்ற ஞாயித்துக்கிழமை, மார்ச் 8, இரவு 8 மணிக்குள்ள அனுப்ப முடியுமா? முடியுமா முடியாதான்னு மட்டும் நாளைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள ஒரு வரி போட்டுடு.

எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. விடுதியில நம்ம வரிசையில ரெண்டு பேருக்கு வந்துச்சுல்ல, அடுத்தது நான். ஜுரம் கண்ட அன்னிக்கே அப்பா வந்து ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. இப்ப முத்தெல்லாம் காஞ்சு உதிர ஆரம்பிச்சிருச்சு, ரெண்டு தண்ணி ஊத்தியாச்சு. சனிக்கிழமை மூணாவது தண்ணி. டாக்டரும் திங்கள்கிழமை காலேஜுக்குப் போகலாம்னு சொல்லிட்டாரு. உடம்பு தேறிடுச்சு, கண்ணு மட்டும் சீக்கிரம் களைச்சுப் போகுது. உனக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கான்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் நோட்டையே கொடுத்து அனுப்புன்னு கேக்காம போட்டோ கேக்கிறேன். என் கை பட்ட நோட்டு உன் கைக்குத் திரும்பி வந்து, பரிச்சை நேரத்துல உனக்கு ஒண்ணு ஆகிடக் கூடாது.

நான் கடைசியா உக்காந்தது பிப்ரவரி 20-ஆம் தேதி வகுப்பு. அன்னிக்கு ஐயா சீர் முடிச்சாங்க. எழுத்து, அசை, சீர் மூணும் என் நோட்டுல முழுசா இருக்கு. அதுக்கப்புறம் தளை, அடி, தொடை முடிஞ்சு உறுப்பியல் நிறைவாகிடுச்சுன்னும், செய்யுளியல்ல வெண்பா ஆரம்பிச்சாச்சுன்னும் அறைத்தோழி சொன்னா. அவ வேற பிரிவுங்கிறதால அவகிட்ட இருக்கிற குறிப்பு வேற ஆசிரியரோடது. வினாத்தாள் நம்ம ஐயாதான் எடுக்கிறாங்க, அவங்க பலகையில போட்டதுதான் வேணும்.

உன்கிட்ட கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நீ பலகையில இருக்கிறதை அப்படியே எடுத்துக்குவ. போன பருவத்துல நன்னூலுக்கு உன் நோட்டை ஒரு தடவை பாத்திருக்கேன். ஐயா வாய்வழியா சொல்லிட்டுப் போற காரணத்தைக்கூட ஓரத்துல பென்சில்ல குறிச்சு வச்சிருந்த. நாங்கல்லாம் விடையை எழுதுவோம், அந்த விடைக்கு எப்படி வந்தாங்கன்னு எழுத விட்டுடுவோம். யாப்புல அந்த வழிதான் முக்கியம்.

சும்மா படுத்திருக்கலை. கண்ணு வலிக்காத நேரத்துல காரிகை உரையை வச்சுக்கிட்டு தளையை நானே ஒரு மாதிரி படிச்சேன். மா முன் நிரை, விளம் முன் நேர் வந்தா இயற்சீர் வெண்டளை, காய் முன் நேர் வந்தா வெண்சீர் வெண்டளை. இதை வச்சு முதல் குறளை அலகிட்டுப் பாத்தேன்:

அகர – புளிமா
முதல – புளிமா
எழுத்தெல்லாம் – புளிமாங்காய்
ஆதி – தேமா
பகவன் – புளிமா
முதற்றே – புளிமா
உலகு – பிறப்பு

எல்லா இடமும் ஒழுங்கா வந்துச்சு. எழுத்தெல்லாம் – ஆதிங்கிற இடத்துல மட்டும் வெண்சீர் வெண்டளை, மத்தது எல்லாமே இயற்சீர் வெண்டளை. இது சரிதானேன்னு நீயும் ஒரு பார்வை பாத்துச் சொல்லு.

மாட்டிக்கிட்டது 'குழலினிது யாழினிது' குறள்ல. உரையில அதை 'குழலினி தியாழினி தென்பதம் மக்கள்'னு பிரிச்சுப் போட்டிருக்கு. குழலினி கருவிளம். அடுத்த சீர் 'தியாழினி'. 'தியா'வைச் சேர்த்து எடுத்தா நிரையசை. விளம் முன் நிரை வந்தா அது நிரையொன்றாசிரியத்தளை, வெண்பாவுல வரவே கூடாது. திருக்குறள்ல தளை தட்டுமா? அந்தத் 'தி'யில இருக்கிறது குற்றியலிகரம், அதை அலகு பெறாததா விட்டுட்டா 'யாழினி' கூவிளமாகி விளம் முன் நேர் வந்து சரியாகிடுது. இவ்வளவு தூரம் நானே வந்துட்டேன். ஆனா எந்தெந்த இடத்துல குற்றியலிகரத்தை அலகிடாம விடலாம், எங்க விடக் கூடாதுங்கிறது பிடிபடலை. உரை ஒழிபியலுக்குப் போகச் சொல்லுது, அங்க போனா அளபெடை, ஒற்று எல்லாம் சேர்ந்து வருது. ஐயா மார்ச் 3-ஆம் தேதி வகுப்புல இதே குறளைப் பலகையில போட்டு ரொம்ப நேரம் விளக்கினாங்களாம். எனக்கு வேண்டியதுல முதல் இடம் அந்தப் பக்கத்துக்குத்தான். வேற எதுவும் அனுப்ப நேரம் இல்லைன்னாலும் அந்த ஒரு பக்கம் வந்துட்டா போதும்.

அதுக்கு அடுத்தது வெண்பா வகைகள். குறள், சிந்தியல், நேரிசை, இன்னிசை, பஃறொடைன்னு பேரு புத்தகத்துல இருக்கு, அதை நீ அனுப்ப வேண்டாம். தனிச்சொல் எங்க நிக்கணும், அது எதோட எதுகை கொள்ளணும்னு ஐயா எடுத்துக்காட்டுப் பாட்டுல கோடு போட்டுக் காட்டுவாங்களே, அந்தக் கோடு போட்ட பக்கங்கள் வேணும். நேரிசைச் சிந்தியலும் இன்னிசைச் சிந்தியலும் எங்க பிரியுதுங்கிறதை எப்படிச் சொன்னாங்கன்னும் பாக்கணும்.

ஈற்றடி கொடுத்துக் குறள் வெண்பா எழுதிட்டு வரச் சொன்னாங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த ஈற்றடி எதுன்னு மட்டும் தட்டச்சு பண்ணி அனுப்பிடு. நீ எழுதினதை அனுப்ப வேண்டாம், நான் சொந்தமா எழுதிப் பாக்கணும்.

தொடை எனக்கு வேண்டாம். 'கற்கக் கசடறக் கற்பவை கற்றபின்' ஒரு அடியே பாதி பாடத்தைச் சொல்லிக் கொடுத்துடுச்சு. நாலு சீரும் ககரத்துல தொடங்குறதால முற்று மோனை. ரெண்டாம் எழுத்து ஒண்ணு, மூணு, நாலு சீர்ல ஒத்து, ரெண்டாம் சீர்ல மட்டும் விட்டுப் போறதால மேற்கதுவாய் எதுகை. மேற்கதுவாய், கீழ்க்கதுவாய் குழப்பம் இதோட தீர்ந்துச்சு. அடி வகையும் புத்தகத்துல தெளிவா இருக்கு. உன் வேலை அந்த அளவுக்குக் குறையட்டும்.

ஏன் ஞாயித்துக்கிழமைன்னா, உள்மதிப்பீட்டுத் தேர்வு 12-ஆம் தேதி வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை 10-ஆம் தேதி வகுப்புல ஐயா சந்தேகம் மட்டும் கேக்கச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு நான் கேள்வியோட உக்காரணும்னா, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு தடவை படிச்சு, திங்கள்கிழமை சாயங்காலம் விடுதியில பத்துப் பதினஞ்சு குறளாவது அலகிட்டுப் பாத்திருக்கணும். திங்கள்கிழமை காலையில பஸ்ல மூணு மணி நேரம் போயிடும், போன உடனே விடுப்புக் கடிதத்தோட துறைத் தலைவரைப் பாக்கணும். அதனால திங்கள்கிழமை நேர்ல வாங்கிக்கிற வழி சரிப்படாது.

பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கத்துல வச்சு எடுத்தா போதும். வாட்ஸ்அப்புல படமா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்பு, அப்பத்தான் பென்சில் எழுத்து மங்காம வரும். அசை பிரிக்கிற கோடு ஒண்ணு தெரியாம போனாக்கூட எனக்கு வேற சீரா தெரியும். ஒவ்வொரு பக்கத்துலயும் மேல தேதி தெரியிற மாதிரி எடுத்துடு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடுக்கணும்னு இல்லை. இருக்கிறதை சனிக்கிழமை அனுப்பிட்டு, நாளைக்கு நடக்கிறதை ஞாயித்துக்கிழமை அனுப்பினாலும் சரி.

பண்பாட்டு வரலாறு தாளுக்கு ஒரே ஒரு கேள்வி. குடவோலை முறை நடந்துச்சுன்னு சொன்னாங்க. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 919, 921 ரெண்டு ஆண்டு, வயசு 35-லிருந்து 70-க்குள்ள, கால் வேலி நிலம், சொந்த மனையில வீடு, இதெல்லாம் புத்தகத்துல படிச்சுட்டேன். அம்மா அதுக்கு மேல ஏதாவது கட்டுரைத் தலைப்பு கொடுத்தாங்களான்னு மட்டும் சொல்லு.

உனக்கு வீட்டுல வேலை இருந்தாலோ, நோட்டு கைவசம் இல்லைன்னாலோ தயங்காம முடியாதுன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். நாளைக்கு ராத்திரிக்குள்ள தெரிஞ்சா முருகேசனைக் கேப்பேன். அவன் சனிக்கிழமை காலையில ஊருக்குக் கிளம்பிடுவான், நோட்டை விடுதியில வச்சிட்டுப் போயிட்டா அப்புறம் வழியில்லை. அதுக்காகத்தான் வெள்ளிக்கிழமைன்னு கெடு சொன்னேன்.

ஜனவரியில உங்க அக்கா கல்யாணத்துக்கு நீ போயிருந்தப்ப நடந்த நாட்டுப்புறவியல் வகுப்பு, தாலாட்டும் ஒப்பாரியும், என் நோட்டுல விடாம இருக்கு. உனக்கு யாராவது கொடுத்தாங்களான்னு தெரியலை. வேணும்னா சொல்லு, திங்கள்கிழமை ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துடுறேன். நீ இதை அனுப்பினாலும் அனுப்பாட்டியும் அது உனக்கு உண்டு.

வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லு.

பூங்கொடி
மார்ச் 5, வியாழன் மாலை