குழாய் உணவைக் குறைக்கும் திட்டம்: வீட்டில் வைத்துக்கொள்ள

குழந்தை: பெண், 1 வயது 7 மாதம், 8.4 கிலோ. ஊர்: பாலக்கோடு பக்கம்.

விழுங்கும்போது மூச்சுக்குழாயில் எதுவும் இறங்கவில்லை என்று எக்ஸ்ரே வீடியோ பரிசோதனையில் தெரிந்துவிட்டது. எடையும் நிலையாக இருக்கிறது. குழந்தைகள் டாக்டர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பாப்பாவுக்கு விழுங்கத் தெரியும். பசிக்கத்தான் இடம் கிடைத்ததில்லை.

இப்போது மூக்குக் குழாயில் ஐந்து வேளை, வேளைக்கு 160 மில்லி, மொத்தம் 800. திங்கள் முதல் காலை பத்தரை மணிப் பாலை மட்டும் 40 ஆக்குங்கள். குறைந்த 120 மில்லியைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக, மாலையில் குழாயிலேயே கொடுங்கள். நீர்ச்சத்து குறையக் கூடாது. மற்ற நான்கு வேளையிலும் கை வைக்க வேண்டாம்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லோருடனும் தரையில் உட்காரவையுங்கள். தட்டில் கட்டியில்லாத ராகிக் கூழ், தயிர், மசித்த வாழைப்பழம், இரண்டு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம்.

பாட்டிக்குத் தனியாக ஒரு வார்த்தை: "ஒரே ஒரு வாய், கண்ணு" என்று துரத்த வேண்டாம், போனைக் காட்டி ஏமாற்றி ஊட்டவும் வேண்டாம். என்ன, எப்போது என்பது உங்கள் கையில். எவ்வளவு என்பது அவள் கையில். கூழில் கையை விட்டுப் புடவையில் தேய்த்தாலும் சிரித்துக்கொள்ளுங்கள், பாட்டி. அதுவும் ஒரு படிதான், நோட்டில் ஏறும்.

நோட்டில் "நல்லா சாப்பிட்டாள்" என்று எழுதினால் எனக்குப் பயனில்லை. தொட்டாள், உதட்டில் வைத்தாள், நக்கினாள், துப்பினாள், விழுங்கினாள்: இதில் எது, எந்த உணவு, எத்தனை டீஸ்பூன் (ஒன்று 5 மில்லி) என்று எழுதுங்கள். குமட்டல், வாந்தி, ஈரமான டயப்பர் கணக்கும் வேண்டும். சென்ற வாரம் நான் பார்த்தது, மாதிரிக்கு:

செவ்வாய்: தயிர். விரலில் தொட்டு நக்கினாள், மூன்று முறை. விழுங்கியது அரை டீஸ்பூனுக்குள். குமட்டல் இல்லை.

வெள்ளி: கூழ். ஸ்பூனைத் தானே பிடித்தாள், வாயில் வைத்துத் துப்பினாள். அழவில்லை. (முன்பு ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பியவள்!)

திங்கள், வியாழன் காலையில் அங்கன்வாடியின் அதே தராசில், சட்டையில்லாமல் எடை பாருங்கள். 8.2க்குக் கீழே போனால் அடுத்த குறைப்பு கிடையாது, எனக்குப் போன் செய்யுங்கள். 8.0 ஆனால் அன்றே பழைய 800க்குத் திரும்பி டாக்டரைப் பாருங்கள். எடை நின்று, வாயில் போவதும் கூடினால் அடுத்த 120ஐ எந்த வேளையில் குறைப்பது என்று நான் சொல்கிறேன். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தாலும் பழைய 800க்கே திரும்புங்கள். சாப்பிடும்போது மூச்சுத் திணறல், உதடு நீலம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் போனுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

குழாயை எப்போது எடுப்பது என்று அப்பா கேட்டார். மருந்து உட்பட எல்லாம் வாய்வழியே போய், நான்கு வாரம் குழாய் சும்மா இருந்து, எடையும் ஏற வேண்டும். நடுவில் ஒரு சளிக்காய்ச்சல் வந்து அதையும் தாண்டிவிட்டால் எனக்கு இன்னும் தைரியம். அடுத்த திங்கள் நோட்டோடு வாருங்கள்.