தரவுக் கட்டமைப்புகள் அசைன்மென்ட் 2 மதிப்பெண் கேள்விகள்: திருத்திய பதில்கள்

பிரவீன்,

சனிக்கிழமை நீங்கள் வாட்ஸாப்பில் மாணவர்களுக்கு அனுப்பிய பதில்களைப் படித்தேன். தேடிப் போய்ப் படிக்கவில்லை. ஒரு மாணவி என்னிடம் வந்து, "மேடம், அண்ணா மார்க் போடுறேன்னு சொல்லிட்டாரு, இன்னும் கிளாஸ்ரூம்ல ஏறலையே" என்று கேட்டார். நீங்கள் அவருக்கு எழுதியது "சரி பாத்து பண்றேன்" என்ற மூன்றே சொற்கள். மாட்டேன் என்பதைப் பதமாகச் சொன்னதாக நீங்கள் நினைத்தீர்கள். அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, நம் ஊரில் அந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தமும் உண்டு.

மதிப்பீட்டில் பெரிய குறை எதுவும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 64 பேரின் சி புரோகிராமையும் ஒரு வாரத்தில் ஓட்டிப் பார்த்து, வைவாவும் முடித்திருக்கிறீர்கள். பதில்களைத்தான் திருத்தி எழுதியிருக்கிறேன். நாளை (ஆகஸ்ட் 24, திங்கள்) காலை 10 மணிக்குள் இவற்றை மெயிலில் அனுப்புங்கள். மதிப்பெண் விஷயம் இனி வாட்ஸாப்பில் வேண்டாம்.

இன்னொன்று. பையன்களை "டேய்" என்கிறீர்கள், பெண்களை "நீங்க" என்கிறீர்கள். கேன்டீனில் எப்படி வேண்டுமானாலும் பேசுங்கள். மதிப்பெண் பற்றிய பதிலில் எல்லோரும் "நீங்கள்"தான்.

ஹரிஷுக்கு நீங்கள் எழுதியது:

"டேய் ஹெட் நோடை டெலீட் பண்ணா புட்டுக்குது டா. எல்லாருக்கும் ஓடுறது உனக்கு மட்டும் ஏன் ஓடல 😂 கோடை ஒழுங்கா பாரு."

காரணம் சரி. ஆனால் அவர் கேட்டது "என் லேப்டாப்பில் ஓடுகிறதே" என்று. அதற்கு இதில் பதில் இல்லை. அனுப்ப வேண்டியது:

"வணக்கம் ஹரிஷ்,

உங்கள் அசைன்மென்ட் 2 மதிப்பெண் 20-க்கு 13. டெஸ்ட் கேஸ்கள் 12-க்கு 8, கோடின் தெளிவு 3-க்கு 2, வைவா 5-க்கு 3.

தவறிய நான்கு டெஸ்ட்களும் (3, 7, 8, 11) லிஸ்டின் முதல் நோடை நீக்கச் சொல்பவை. உங்கள் ஃபங்ஷன் இப்படித் தொடங்குகிறது:

```c
void removeNode(struct node *head, int key)
```

இதில் `head`-இன் நகல்தான் ஃபங்ஷனுக்குள் வருகிறது. உள்ளே அதை அடுத்த நோடுக்கு மாற்றினாலும், `main`-இல் இருக்கும் `head` பழைய நோடையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த நோடை நீங்கள் `free` செய்துவிட்டதால், அடுத்து லிஸ்டை அச்சிடும்போது விடுவித்த நினைவகத்தைப் படிக்கிறது. அப்படிப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு சி மொழியில் உத்தரவாதம் கிடையாது. ஒரு கணினியில் பழைய மதிப்பு அப்படியே வந்து சரியாக ஓடுவது போலத் தெரியலாம், இன்னொன்றில் நின்றுபோகலாம். உங்கள் லேப்டாப்பில் ஓடியதற்கும் லேபில் ஓடாததற்கும் இதுதான் காரணம்.

புதிய `head`-ஐத் திருப்பி அனுப்பும்படி ஃபங்ஷனை மாற்றி அதை `main`-இல் `head`-க்குக் கொடுத்தாலோ, `struct node **head` என்று வாங்கி `*head`-ஐ மாற்றினாலோ சரியாகிவிடும். அசைன்மென்ட் 3-இலும் இதே ஃபங்ஷன் தேவைப்படும், அதற்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை."

நீளம்தான். ஆனால் இதே தவறைச் செய்தவர்கள் குறைந்தது பத்துப் பேர் இருப்பார்கள், அவர்கள் கேட்கும்போது நடுப்பகுதியை அப்படியே எடுத்துப் போடலாம். ஒரு வகுப்பு எடுக்கும் வேலையும் மிச்சம்.

அடுத்தது தாமதமாகச் சமர்ப்பித்தவர்கள். இங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. கெடு ஆகஸ்ட் 14 இரவு 11.59. நந்தினி 12.04-க்குப் போட்டிருக்கிறார், அவருக்கு "பரவால்ல விடுங்க, நெட் ஸ்லோவா இருந்திருக்கும்" என்று எழுதி 2 மதிப்பெண்ணைக் குறைக்காமல் விட்டிருக்கிறீர்கள். இர்ஃபான் 12.21-க்குப் போட்டிருக்கிறார், அவருக்கு "ஒரு நிமிஷம் லேட்னாலும் லேட் தான் தம்பி, ரூல்னா ரூல்". இருவரும் ஒரே ஹாஸ்டல் நெட்டில் இருப்பவர்கள், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுபவர்கள். இந்த இரண்டு பதில்களையும் எவ்வளவு மரியாதையாகத் திருத்தி எழுதினாலும் அருகருகே வைத்தால் நிற்காது. வார்த்தையைச் சரிசெய்யப் போய் முடிவையே மாற்ற வேண்டியதாயிற்று.

எனவே ஒரே விதி: கெடுவுக்குப் பின் 30 நிமிடம் வரை குறைப்பு இல்லை. அதன்பின் ஒரு நாளுக்கு 10 சதவீதம், அதாவது 2 மதிப்பெண். கிளாஸ்ரூமில் பதிவான நேரம்தான் கணக்கு. இர்ஃபானோடு சேர்த்து மூன்று பேர் 12.29-க்குள் போட்டும் 2 மதிப்பெண் இழந்திருக்கிறார்கள், மூவருக்கும் திருப்பிக் கொடுங்கள். மற்ற இருவரும் கேட்கவே இல்லை, ஆனாலும் கொடுங்கள். இர்ஃபானுக்கு:

"வணக்கம் இர்ஃபான்,

உங்கள் அசைன்மென்ட் 2 ஆகஸ்ட் 15, அதிகாலை 12.21-க்குப் பதிவாகியிருக்கிறது. தாமதத்துக்காக 2 மதிப்பெண் குறைத்திருந்தோம். அந்த விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்றப்படவில்லை என்று தெரியவந்ததால், கெடுவுக்குப் பின் 30 நிமிடத்துக்குள் வந்த எல்லாவற்றையும் நேரத்துக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மதிப்பெண் 15-இலிருந்து 17 ஆகிறது. சனிக்கிழமை நான் எழுதிய பதிலை விட்டுவிடுங்கள். அசைன்மென்ட் 3, 4 இரண்டுக்கும் இதே 30 நிமிட விதிதான்."

நந்தினிக்கு மதிப்பெண் மாறாது. விதியைச் சொல்லும் வரிகள் மட்டும் அவருக்கும் போகட்டும். சலுகை கிடைத்தது என்று அவரும் நினைக்க வேண்டாம்.

சரி, "பாத்து பண்றேன்" மாணவி கார்த்திகா. ஸ்காலர்ஷிப்புக்கு கிரேடு சராசரி 7.5 வேண்டும், 2 மதிப்பெண் கூட்டிப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்டதில் கோபப்பட ஒன்றுமில்லை, வீட்டு நிலைமை எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் இல்லை என்பதை முதல் இரண்டு வரிக்குள் சொல்லிவிட வேண்டும்.

"வணக்கம் கார்த்திகா,

சனிக்கிழமை 'பார்த்துப் பண்றேன்' என்று நான் எழுதியது தவறான எண்ணத்தைக் கொடுத்துவிட்டது, மன்னிக்கவும். அசைன்மென்ட் 2-இல் உங்கள் மதிப்பெண் 14, அதைக் கூட்ட இயலாது. ஸ்காலர்ஷிப் போன்ற காரணங்களுக்காக யாருக்கும் மதிப்பெண்ணை மாற்றுவதில்லை.

திருத்தியதில் பிழை இருப்பதாகத் தோன்றினால் எந்த டெஸ்ட், எந்த வைவா கேள்வி என்று குறிப்பிட்டு எழுதுங்கள், மறுபடி பார்க்கிறோம். இந்த செமஸ்டரில் இன்னும் இரண்டு அசைன்மென்ட்களும் (தலா 20) ஒரு வினாடி வினாவும் (10) இருக்கின்றன. உங்களுக்கு அதிகம் போனது வைவாவில்தான், 5-க்கு 1. அடுத்த வைவாவுக்கு முன் புதன்கிழமை 4 மணிக்கு லேபுக்கு வந்தால், உங்கள் கோடையே வைத்துப் பேசிப் பார்க்கலாம்."

ஷாலினிக்கு எழுதியதுதான் என்னைக் கொஞ்சம் பதற வைத்தது. "அவளுக்கு 17, எனக்கு ஏன் 14, ரெண்டு பேர் கோடும் ஒண்ணுதான்" என்று கேட்டிருக்கிறார். நீங்கள், "அவ வைவால டக்குடக்குனு சொன்னா, 5-க்கு 5. நீங்க முழிச்சீங்க" என்று எழுதிவிட்டீர்கள். ஒருவரின் வைவா மதிப்பெண்ணை இன்னொருவரிடம் சொல்லவே கூடாது, அவர்கள் அறைத்தோழிகளாக இருந்தாலும். போக வேண்டியது:

"வணக்கம் ஷாலினி,

மற்றவர்களின் மதிப்பெண் விவரத்தை என்னால் பேச முடியாது. சனிக்கிழமை பேசியிருக்கவும் கூடாது. உங்களுடையது இது: டெஸ்ட் கேஸ்கள் 12-க்கு 10, தெளிவு 3-க்கு 2, வைவா 5-க்கு 2, மொத்தம் 14. வைவாவில் லிஸ்டின் கடைசியில் ஒரு நோடைச் சேர்க்க ஏன் முழு லிஸ்டையும் கடக்க வேண்டியிருக்கிறது, அதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வரவில்லை. மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை."

'ரெண்டு பேர் கோடும் ஒண்ணுதான்' என்று அவரே எழுதியிருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அதை இந்த மெயிலில் தொட வேண்டாம். இருவரையும் நான் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். மதிப்பெண் கேட்டு வந்தவரை அதே பதிலில் காப்பி அடித்தாயா என்று மடக்கினால், அடுத்த முறை யாரும் கேள்வியே கேட்க மாட்டார்கள்.

கூட்டல் பிழை ஒன்று இருந்ததே, "ஓ சாரி மச்சி மாத்திட்டேன்" என்று முடித்தது. சரிசெய்ததோடு எதிலிருந்து எதற்கு என்றும் சொல்லிவிடுங்கள்:

"வணக்கம் முகிலன்,

நீங்கள் சொன்னது சரி. டெஸ்ட் கேஸ் மதிப்பெண் 11 மட்டுமே மொத்தமாக ஏறியிருந்தது. தெளிவு 2, வைவா 3 சேர்த்து 16 என்று மாற்றிவிட்டேன். கவனித்துச் சொன்னதற்கு நன்றி."

அனுப்பும் முன் அந்த ஷீட்டில் வேறு யாருக்கும் இப்படி விட்டுப்போயிருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

காய்ச்சலால் வினாடி வினாவுக்கு வராத தேவிக்கு "மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்பதற்குப் பதிலாக:

"வணக்கம் தேவி,

இப்போது உடம்பு பரவாயில்லையா? வினாடி வினா 1-ஐ செப்டம்பர் 3, வியாழன் மாலை 4 மணிக்கு லேபில் எழுதலாம். மருத்துவர் தந்த சீட்டோ, மருந்துச் சீட்டோ, வார்டனின் கடிதமோ ஏதாவது ஒன்றை அன்றைக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை கிளாஸ்ரூமில் தெரியும் 0 தற்காலிகமானது."

எல்லா மெயிலின் அடியிலும், ஆமாம் சொன்னாலும் இல்லை சொன்னாலும், இதையே போடுங்கள்:

"இந்த முடிவில் உடன்பாடு இல்லையென்றால் ஆகஸ்ட் 31, திங்கள் மாலை 5 மணிக்குள் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். அப்போது உங்கள் கோடை மேடம் நேரடியாகப் பார்ப்பார். மூன்று வேலை நாட்களில் பதில் வரும்.
பிரவீன், டி.ஏ., தரவுக் கட்டமைப்புகள்"

கடைசியாக, 20-க்கு 4 வாங்கிய அந்தப் பையன். அவர் மதிப்பெண்ணே கேட்கவில்லை, "எனக்கு பாயின்டரே புரியல அண்ணா, டிராப் பண்ணிடலாமா" என்று கேட்டிருக்கிறார். நீங்கள், "எனக்கும் செகண்ட் இயர்ல புரியல டா. பேப்பர்ல பெட்டி போட்டு அம்புக்குறி வரைஞ்சு பாத்த அப்புறம்தான் புரிஞ்சுது. செவ்வாக்கிழமை லஞ்ச் முடிச்சு வா, நோட்டு பென்சில் மட்டும் எடுத்துட்டு வா, லேப்டாப் வேணாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் தொடவில்லை. அந்த "டா" கூட இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை மதியம் உங்களுக்கு லேப் டியூட்டி போட்டிருந்தேன், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த முறை உண்மையாகவே.