வளைவு ஏன் தட்டையாகிறது: ஒளிச்சேர்க்கை வரைபடக் கேள்வியும் அதன் விடையும்

பதினொன்றாம் வகுப்பு தாவரவியல் மாணவர்களுக்கு, மாதத் தேர்வின் ஏழாம் கேள்வி பற்றி.

விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். வரைபடத்தைப் பெரும்பாலானோர் அழகாகவே வரைந்திருக்கிறீர்கள். ஆனால் "வளைவு ஏன் தட்டையாகிறது?" என்ற இடத்தில் பாதிப் பேருக்கு மேல் "ஒளி அதிகமாகிவிட்டதால் ஒளிச்சேர்க்கை நின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அரையாண்டுத் தேர்வில் இதே கேள்வி வேறு எண்களோடு வரலாம். அதனால் கேள்வியை மறுபடியும் கொடுத்து, படிப்படியாக விடைக்கு வருகிறேன். கிராஃப் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரையாமல் படித்தால் பாதிதான் புரியும்.

கேள்வி

ஒரே அளவுள்ள ஹைட்ரில்லா கிளைகளை மூன்று குழாய்களில் வைத்து, விளக்கின் ஒளிச்செறிவைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு நிமிடத்தில் வெளியேறும் குமிழ்களை எண்ணினார்கள். CO₂ கிடைப்பதற்காகத் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் கரைக்கப்பட்டிருந்தது.

| ஒளிச்செறிவு (கிலோலக்ஸ்) | வளைவு அ: பைகார்பனேட் 0.1%, 20 டிகிரி | வளைவு ஆ: 0.5%, 20 டிகிரி | வளைவு இ: 0.5%, 30 டிகிரி |
|---|---|---|---|
| 0 | 0 | 0 | 0 |
| 2 | 9 | 9 | 9 |
| 4 | 18 | 18 | 18 |
| 6 | 24 | 26 | 27 |
| 8 | 26 | 33 | 36 |
| 10 | 26 | 36 | 44 |
| 12 | 26 | 36 | 48 |
| 14 | 26 | 36 | 48 |

மூன்று வளைவுகளையும் வரைந்து, (1) 4 கிலோலக்ஸ் வரை எது கட்டுப்படுத்தும் காரணி, (2) வளைவு அ தட்டையாவதற்கு எது காரணம், (3) வளைவு ஆ தட்டையாவதற்கு எது காரணம், (4) வளைவு இ தட்டையாவதற்கு எது காரணம் என்று விளக்குக.

(எண்களைக் கணக்குக்காக நான்தான் ஒழுங்குபடுத்தினேன். ஆய்வகத்தில் நீங்கள் எண்ணியபோது குமிழ் எவ்வளவு அடம்பிடித்தது என்று நினைவிருக்கும்.)

முதலில் தட்டையான பகுதி என்ன சொல்கிறது

வளைவு அ 26-இல் தட்டையாகிறது. குமிழ் வருவது நிற்கவில்லை. நிமிடத்துக்கு 26 குமிழ் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒய் அச்சில் இருப்பது வீதம், அதாவது வேகம். வேகம் மாறாமல் இருப்பதும் வேலை நிற்பதும் ஒன்றல்ல. நின்றிருந்தால் கோடு சுழியத்துக்கு இறங்கியிருக்கும். "நின்றுவிட்டது" என்று எழுதினவர்களின் முதல் தவறு இது.

வீட்டில் மல்லிகை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவின் முன்னால் ஒரு கைப்பிடி உதிரிப்பூ இருந்தால் அது தீரும் வேகத்தில்தான் சரம் நீளும். பூவைக் கொட்டக் கொட்ட வேகம் கூடும். ஓர் அளவுக்கு மேல் கூடையையே கவிழ்த்தாலும் சரம் அதே வேகத்தில்தான் நீளும். இப்போது விரலின் வேகமோ, கையில் இருக்கும் நாரோதான் வேகத்தை முடிவு செய்கிறது. அம்மா கட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் விரலா, நாரா என்பதைப் பூக்கூடையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது. தட்டையான பகுதி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: எக்ஸ் அச்சில் இருக்கும் காரணி இப்போது கட்டுப்படுத்தும் காரணி அல்ல. நம் வரைபடத்தில் எக்ஸ் அச்சில் ஒளி. ஆகவே தட்டையான இடத்தில் ஒளி கட்டுப்படுத்தவில்லை. வேறு ஏதோ கட்டுப்படுத்துகிறது. ஒளியையே காரணமாக எழுதியதுதான் இரண்டாவது தவறு. அந்த "வேறு ஏதோ" எது என்று அந்த ஒரு வளைவை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் தெரியாது. அதற்கு இன்னொரு வளைவு வேண்டும். அதுவும் சும்மா இன்னொரு வளைவு போதாது. ஒரே ஒரு காரணியில் மட்டும் வேறுபடும் வளைவாக இருக்க வேண்டும்.

இப்போது வரைபடத்தைப் படிப்போம்

இடது பக்கம் தொடங்குங்கள். 2 கிலோலக்ஸில் 9, 4 கிலோலக்ஸில் 18. ஒளி இரு மடங்கானால் வீதமும் இரு மடங்காகிறது. நேர்கோடு. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தப் பகுதியில் மூன்று வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. பைகார்பனேட்டை ஐந்து மடங்கு ஆக்கினாலும் 18தான், 10 டிகிரி சூடாக்கினாலும் 18தான். எதைக் கூட்டினால் வீதம் கூடுகிறதோ அதுவே கட்டுப்படுத்தும் காரணி. இங்கே ஒளியைக் கூட்டினால் மட்டுமே கூடுகிறது.

வெப்பநிலை இங்கே ஏன் பலிக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கேம்பிரிட்ஜில் இருந்த பிளாக்மேன் 1905-இல் கட்டுப்படுத்தும் காரணிகள் விதியைச் சொன்னபோது அவரை யோசிக்க வைத்ததும் இதுதான். மங்கலான ஒளியில் வெப்பநிலையைக் கூட்டினால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை, பலத்த ஒளியில் கூட்டினால் வீதம் எகிறுகிறது. வெறும் ஒளிவேதி வினையாக இருந்தால் வெப்பத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. வெப்பத்துக்கு மசிவது நொதி வினைகள். ஆகவே ஒளிச்சேர்க்கைக்குள் இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இப்படிப்பட்ட வளைவுகளிலிருந்துதான் பிறந்தது. நீங்கள் ஒளிவினை, இருள்வினை என்று மனப்பாடம் செய்வதன் பின்னால் இப்படி ஒரு வரைபடம் இருக்கிறது.

சரி, வளைவு அ-வுக்கு வருவோம். 4-க்கு அப்புறம் வளைந்து, 8-இல் 26-ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது. இதை எதோடு ஒப்பிடுவது? ஆ-வோடுதான். இரண்டிலும் வெப்பநிலை 20 டிகிரி. பைகார்பனேட் மட்டுமே வேறு. 10 கிலோலக்ஸில் செங்குத்தாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள்: அ-வில் 26, ஆ-வில் 36. ஒளியும் வெப்பமும் மாறாமல் CO₂ மட்டும் கூடியதற்கே 10 குமிழ் கூடிவிட்டது. ஆக, அ-வைப் பிடித்து வைத்திருந்தது CO₂.

சிலர் அ-வை இ-யோடு ஒப்பிட்டு "வெப்பநிலை" என்று எழுதியிருந்தீர்கள். 26-க்கும் 48-க்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பது கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே CO₂-வும் வெப்பநிலையும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? கேள்வி தயாரிப்பவர்கள் வைக்கும் பொறி இது. நானும் தெரிந்தேதான் வைத்தேன்.

வளைவு ஆ 36-இல் தட்டையாகிறது. இதற்குத் துணை இ. இரண்டிலும் பைகார்பனேட் 0.5%. வெப்பநிலை மட்டும் 20-இலிருந்து 30. பன்னிரண்டு கிலோலக்ஸில் 36 எங்கே, 48 எங்கே! ஆ-வைக் கட்டுப்படுத்தியது வெப்பநிலை. ஒளியும் CO₂-வும் தாராளமாக இருந்தும் கால்வின் சுழற்சியின் நொதிகள் 20 டிகிரியில் மந்தமாக ஓடுகின்றன. CO₂-வைப் பிடிக்கும் ரூபிஸ்கோ சாதாரணமாகவே ஆமைதான். ஒரு மூலக்கூறு ஒரு விநாடிக்கு ஒருசில CO₂ மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். ஒளிவினை கொடுக்கும் ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வாசலில் காத்திருக்கும்.

இங்கே நின்று முக்கியமான ஒன்றைப் பாருங்கள். அ-வும் ஆ-வும் பார்க்க ஒரே வடிவம். ஏறி, வளைந்து, படுக்கின்றன. ஆனால் ஒன்றைப் படுக்க வைத்தது CO₂, மற்றொன்றை வெப்பம். வடிவத்தைப் பார்த்து "இது அந்த மாதிரிப் படம்" என்று விடை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் வளைவு இ. 48-இல் தட்டை. காரணம்? கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஒன்றை எழுதிவிட்டீர்கள். சரியான விடை: இந்த வரைபடத்திலிருந்து சொல்ல முடியாது. ஒளி அல்ல என்பது மட்டும் உறுதி. வீதம் இவ்வளவு கூடிய பிறகு 0.5% பைகார்பனேட்டே போதாமல் போயிருக்கலாம். 30 டிகிரியும் இன்னும் குறைவாக இருக்கலாம். அந்தக் கிளையில் உள்ள பச்சையமோ நொதியோ அவ்வளவுதானோ என்னவோ. தெரிந்துகொள்ள வேண்டுமானால் 30 டிகிரியிலேயே பைகார்பனேட்டை மட்டும் 1% ஆக்கி நான்காவது வளைவு வரைய வேண்டும். மேலே ஏறினால் CO₂. ஏறாவிட்டால் அடுத்த காரணியைச் சோதிக்க வேண்டியதுதான். "சொல்ல முடியாது, ஏனென்றால்..." என்று எழுதப் பயப்படாதீர்கள். காரணத்தோடு எழுதினால் முழு மதிப்பெண் தருவேன்.

வளைகிற முழங்கை பற்றிக் கொஞ்சம். விதிப்படி பார்த்தால் ஏறும் கோடும் தட்டைக் கோடும் கூர்மையாக மடங்கி ஒட்ட வேண்டும். பிளாக்மேன் அப்படித்தான் நினைத்தார். உண்மையில் மெல்ல வளைகிறது. ஏனென்றால் எல்லாப் பசுங்கணிகங்களுக்கும் ஒரே அளவு ஒளி போய்ச் சேர்வதில்லை. மேலே இருப்பவற்றுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டபோதும், நிழலில் இருப்பவற்றுக்கு ஒளி இன்னும் பற்றாக்குறைதான். ஆகவே வளைவு அ-வில் 4-க்கும் 8-க்கும் நடுவே ஒளியும் CO₂-வும் இரண்டுமே ஓரளவு கட்டுப்படுத்துகின்றன என்று எழுதுவதுதான் பொருத்தம்.

தேர்வுத்தாளில் இப்படி எழுதுங்கள்

(1) 0 முதல் 4 கிலோலக்ஸ் வரை வீதம் ஒளிச்செறிவுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. CO₂ அளவும் வெப்பநிலையும் மாறினாலும் மூன்று வளைவுகளும் ஒன்றாகவே இருக்கின்றன. எனவே கட்டுப்படுத்தும் காரணி ஒளிச்செறிவு.

(2) 8 கிலோலக்ஸுக்கு மேல் ஒளி கூடியும் வளைவு அ-வில் வீதம் 26 குமிழ்களாகவே இருக்கிறது. எனவே ஒளி கட்டுப்படுத்தவில்லை. அதே வெப்பநிலையில் பைகார்பனேட்டை 0.1%-இலிருந்து 0.5% ஆக்கியதும் (வளைவு ஆ) உச்ச வீதம் 36 ஆகிறது. எனவே கட்டுப்படுத்தும் காரணி CO₂.

(3) வளைவு ஆ 10 கிலோலக்ஸிலிருந்து 36-இல் மாறாமல் இருக்கிறது. அதே பைகார்பனேட் அளவில் வெப்பநிலையை 30 டிகிரியாக உயர்த்தியதும் (வளைவு இ) 48 ஆகிறது. எனவே கட்டுப்படுத்தும் காரணி வெப்பநிலை. குறைந்த வெப்பநிலையில் இருள்வினை நொதிகளின் செயல் மெதுவாக இருக்கும்.

(4) வளைவு இ 12 கிலோலக்ஸிலிருந்து 48-இல் மாறாமல் இருக்கிறது. ஒளி கட்டுப்படுத்தும் காரணி அல்ல. ஒப்பிட வேறு வளைவு இல்லாததால் CO₂, வெப்பநிலை, பச்சையம் ஆகியவற்றில் எது என்று இந்த வரைபடத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

எண்களை எடுத்துக் காட்டியிருப்பதைக் கவனித்தீர்களா? "கூடுகிறது", "அதிகம்" என்று மட்டும் எழுதி எண்ணை விட்டவர்களுக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

கடைசியாக அச்சுகளைப் பற்றி. சில வினாத்தாள்களில் எக்ஸ் அச்சில் ஒளிச்செறிவுக்குப் பதில் விளக்கின் தூரத்தைக் கொடுத்துவிடுவார்கள். அப்போது படம் தலைகீழ்: தட்டையான பகுதி இடது பக்கம் வரும், வலது பக்கம் இறங்கும். விளக்கு பக்கத்தில் இருக்கும் இடம்தானே இடது பக்கம். தூரம் 10 சென்டிமீட்டரிலிருந்து 20 ஆனால் ஒளி பாதியாகாது, கால்வாசியாகும். விளக்கைக் கிட்டே நகர்த்தும்போது தண்ணீரும் சூடாகும் என்பதையும் மறக்காதீர்கள். அதனால்தான் ஆய்வகத்தில் விளக்குக்கும் குழாய்க்கும் நடுவே கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைத்தோம்.

எக்ஸ் அச்சில் வெப்பநிலை இருந்தாலோ, வளைவு தட்டையாகி அப்படியே நிற்காது. ஓர் உச்சத்துக்குப் போய், நொதிகள் கெடத் தொடங்கியதும் கீழே சரியும். அந்தப் படத்தை வியாழக்கிழமை வகுப்பில் வரைவோம். கிராஃப் தாள் எடுத்து வாருங்கள்.