கல்லடி ஊர்க் குழு உறுப்பினர்களுக்கு அறிவித்தல்

அன்பான உறவுகளே, வணக்கம்.

இது கொஞ்சம் நீளமான அறிவித்தல். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் அம்மம்மா, அப்பப்பா யாராவது போன் வைத்திருந்தால் பிள்ளைகள் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை காலை 6 மணியிலிருந்து மூன்று விடயங்களை இந்தக் குழுவில் போடக்கூடாது. ஒன்று, காசு போட்டால் காசு வரும் என்கிற எந்த முதலீட்டுச் செய்தியும். இரண்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத லிங்க். மூன்று, .apk என்று முடிகிற ஆப் பைல். அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் இதுதான் விதி. அட்மின்கள் நாங்கள் நான்கு பேரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்தான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பின்னேரம் நம் குழுவிலுள்ள ஒரு மாமி என் வீட்டுக்கு வந்தார். போனை நீட்டி, "தம்பி, இந்தக் காசை எப்படி எடுக்கிறது என்று பாருங்கோ" என்றார். திரையில் அவர் பெயர், அதன் கீழே பச்சை எழுத்தில் 384,000 ரூபாய் என்று இருந்தது. எடுப்பதற்கான பட்டனை அழுத்தினால், முதலில் 40,000 ரூபாய் வரி கட்ட வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. வரியைக் கட்ட அன்று காலையில்தான் ஒரு சோடிக் காப்பை அடகு வைத்திருக்கிறார். அந்தப் பற்றுச்சீட்டு போன் உறைக்குள்ளேயே மடித்துக் கிடந்தது. காசு இன்னும் கையில் இருந்ததால் அந்த 40,000 மட்டும் தப்பியது. அதற்கு முன் போட்டது படுவான்கரை வயலில் பெரும்போகம் வெட்டி விற்ற காசு. அது போனது போனதுதான். திரையில் தெரிந்த 384,000 ஒரு நாளும் எந்த வங்கியிலும் இருந்த காசு அல்ல, யாரோ தட்டிவிட்ட இலக்கம்.

"இதை எங்கே பார்த்தீங்கள் மாமி?" என்று கேட்டேன். "நம்மட குரூப்பிலதானே தம்பி வந்தது" என்றார்.

தேடிப் பார்த்தேன். உண்மைதான். அந்தச் செய்தி இரண்டு நாள் இங்கே கிடந்திருக்கிறது. நானும் கண்டிருக்கிறேன். அனுப்பியவர் ஊரில் மதிப்பான பெரியவர் என்பதால் அழிக்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். அது என் பிழை. அந்த மாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்கள் எல்லோரிடமும் இங்கே கேட்கிறேன். அனுப்பிய பெரியவரும் ஏமாற்றுக்காரர் இல்லை, அவரும் அதில் காசு போட்டு இழந்தவர்தான். ஆகவே அவர் யார் என்று குழுவில் யாரும் விசாரிக்க வேண்டாம்.

நம் குழுவில் இன்று 412 பேர் இருக்கிறோம். கரண்ட் வெட்டு, தண்ணீர் வராத நாள், மரண அறிவித்தல், போதனா வைத்தியசாலைக்கு அவசரமாக இரத்தம் தேவை, மாரியில் முகத்துவாரம் வெட்டியாச்சா இல்லையா என்று எல்லாவற்றையும் இங்கே பார்த்துத்தான் நம்புகிறோம். அதே நம்பிக்கையில்தான் அந்த மாமி அந்த லிங்க்கையும் தொட்டார். தெரியாத ஒருவன் தெருவில் நின்று கேட்டிருந்தால் பத்து ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

முதலீட்டு விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "நான் எடுத்தேன், எனக்கு வந்தது" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வந்திருக்கும், பொய் இல்லை. மாமிக்கும் முதலில் 15,000 போட்டபோது பத்து நாளில் 2,200 வந்தது. அந்தக் காசு எந்த வியாபாரத்தில் இருந்தும் வரவில்லை. அவருக்குப் பிறகு சேர்ந்தவர் போட்ட காசில் கொஞ்சத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தார்கள். அவர் நம்பி நாலு பேரைச் சேர்ப்பார், கூடுதலாகவும் போடுவார் என்பதற்காகக் கொடுத்தது. புதிதாகச் சேர ஆள் இல்லாத நாளில் ஆப் நின்றுவிடும். 2023 ஆகஸ்ட்டில் எம்.டி.எஃப்.இ. என்ற ஆப் அப்படித்தான் காசு எடுக்க முடியாமல் நின்றது. நம் நாட்டிலும் எத்தனையோ பேர் அதில் மாட்டினார்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு இப்படியான பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துவது மட்டும் குற்றம் இல்லை, விளம்பரம் செய்வதும் ஆட்களிடையே பரப்புவதும் குற்றம். ஆகவே "நான் சும்மா போர்வேர்ட் பண்ணினேன்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. தடை செய்யப்பட்ட திட்டங்களின் பெயர்ப்பட்டியலும், மக்களிடம் வைப்புக் காசு வாங்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் மத்திய வங்கியின் cbsl.gov.lk தளத்தில் இருக்கின்றன. சந்தேகம் என்றால் 1935 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

பங்குச் சந்தை டிப்ஸ், டொலர் ட்ரேடிங், கிரிப்டோ, வீட்டில் இருந்து வீடியோவுக்கு லைக் போட்டால் சம்பளம், இவை எல்லாமே இந்த விதிக்குள் வரும். நேர்மையாக ட்ரேடிங் செய்கிற தம்பிமார் இரண்டு மூன்று பேர் குழுவில் இருக்கிறீர்கள், தெரியும். உங்களுக்கு அது தொழிலாக இருக்கலாம். ஆனால் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க அட்மின்கள் நாங்கள் வங்கி அதிகாரிகள் இல்லை. அதனால் ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்று முடிவு எடுத்தோம். சீட்டுக்கு ஆள் சேர்ப்பதும் இங்கே வேண்டாம், அதை நேரில் பேசிக்கொள்ளுங்கள். நெல், மீன், முட்டை, சாப்பாட்டு ஓடர், ரியூசன் விளம்பரங்கள் வழமைபோல் சனிக்கிழமைகளில் போடலாம்.

அடுத்தது லிங்க். இலவச டேட்டா, பத்துப் பேருக்கு அனுப்பினால் பரிசு, நிவாரணத்துக்குப் பதிய அடையாள அட்டை இலக்கத்தைப் போடுங்கள், உங்கள் பொதிக்குக் கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வருவது, இப்படியானவை. தொட்டால் உண்மையான தளம் மாதிரியே ஒன்று திறக்கும். கார்ட் இலக்கத்தையும், போனுக்கு வந்த குறியீட்டையும் கேட்கும். முகவரியை எப்படிப் பார்ப்பது என்று ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். தொடக்கத்தில் உள்ள // ஐ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் / குறி வரைக்கும் பாருங்கள். அந்தப் பகுதி முன்னால் ஒரு புள்ளியோடு .gov.lk என்று முடிந்தால் அரசாங்கத் தளம். gov.lk என்ற எழுத்துகள் நடுவில் இருந்து, பிறகு ஒரு புள்ளி வைத்து வேறு பெயர் தொடர்ந்தால் அது யாரோ ஒருவருடைய தளம். செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். முதலில் எழுதியவர் யார் என்று அனுப்புகிறவருக்கே தெரியாது.

அரச அறிவித்தல், பத்திரிகைச் செய்தி, நம் பாடசாலைகளின் பக்கம், இவற்றின் லிங்க்கைப் போடலாம். போடும்போது இது என்ன, எங்கே எடுத்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வரி இல்லாமல் லிங்க் மட்டும் தனியாக வந்தால் அழிக்கப்படும். "இது உண்மையா?" என்று கேட்க வேண்டுமானால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். கேட்பதற்காகக்கூட லிங்க்கை இங்கே போட வேண்டாம். கேள்வியை வாசிக்க முதல் நாலு பேர் தொட்டுவிடுவார்கள்.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. கல்யாணக் கார்ட் என்று ஒரு பைல் வரும். பெயர் wedding_card.apk. கார்ட் என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்கும். .apk என்பது கார்ட் இல்லை, போனில் ஏற்றுகிற ஆப். தொட்டவுடன் போனே எச்சரிக்கும், தெரியாத இடத்து ஆப்பை ஏற்ற அனுமதிக்கவா என்று கேட்கும். கார்ட் பார்க்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்திக்கொண்டு போவோம். அதில் ஒரு சரி, உங்கள் குறுஞ்செய்திகளை வாசிக்கும் அனுமதி. மறுகா வங்கியில் இருந்து வரும் குறியீட்டை நீங்கள் பார்க்க முதல் அவன் பார்த்துவிடுவான். வட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் குறியீடும் அப்படித்தான் போகும். உங்கள் பெயரில் உங்கள் அக்காவிடம், கட்டாரில் இருக்கும் மகனிடம் "அவசரமாக 25,000 போடு" என்று செய்தி போகும். அதே பைலை உங்கள் குழுக்களுக்கும் அனுப்புவான். ஐபோனில் இந்தப் பைல் வேலை செய்யாது, ஆனால் ஐபோன்காரர் போர்வேர்ட் செய்தால் மற்றவருக்கு வேலை செய்யும்.

விதியை மீறினால் என்ன? டிப்ஸ், லிங்க் என்றால் முதல் முறை செய்தியை அழித்துவிட்டு ஒரு அட்மின் உங்களுக்குப் போன் எடுத்துப் பேசுவார். குழுவில் வைத்துப் பெயர் சொல்லிக் கண்டிக்க மாட்டோம். இரண்டாம் முறை 30 நாள் நீக்கம். .apk வந்தால் மட்டும் உடனே நீக்கம், இரவு 2 மணியாக இருந்தாலும் சரி. அதைத் தண்டனையாக எடுக்க வேண்டாம். அனுப்பியது நீங்களா, உங்கள் போனுக்குள் புகுந்தவனா என்று எங்களுக்குத் தெரியாது. போன் சரியானதும் திரும்பச் சேர்ப்போம்.

ஏற்கனவே அப்படி ஒரு பைலை ஏற்றியவர்கள் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் டேட்டாவையும் வைபையையும் நிறுத்துங்கள். பிறகு வீட்டில் உள்ள வேறு போனில் இருந்து உங்கள் வங்கியின் இலக்கத்துக்கு எடுத்துக் கணக்கையும் கார்ட்டையும் முடக்கச் சொல்லுங்கள். இலக்கத்தைக் கார்ட்டின் பின்பக்கத்தில் பாருங்கள், கூகுளில் தேட வேண்டாம், அங்கேயும் போலி இலக்கங்கள் இருக்கின்றன. அந்த ஆப்பை அழியுங்கள். கடவுச்சொற்களை மற்றப் போனில் இருந்து மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் தெரியாத ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம், காசு போயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள், உங்கள் பெயரில் வரும் செய்தியை நம்ப வேண்டாம் என்று மற்றவர்களுக்கு உடனே அறிவிப்போம். "காசு மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது தேடி வந்தால் அதுவும் அதே ஆட்களின் வேலை. ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

சனிக்கிழமை பின்னேரம் 4 மணியில் இருந்து 6 மணி வரை அட்மின்கள் இரண்டு பேர் சந்தி வாசிகசாலையில் இருப்போம். போனைக் கொண்டு வாருங்கள், வட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுக் காட்டுவோம். கடவு இலக்கத்தை நீங்களே உங்கள் கையால் போட வேண்டும், நாங்கள் திரும்பி நிற்போம். வர முடியாத பெரியவர்கள் இருந்தால் ஒழுங்கையின் பெயரை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள், ஞாயிறு காலையில் வீட்டுக்கு வருகிறேன்.

அட்மின்கள் சார்பில்,
கல்லடி ஊர்க் குழு